வெள்ளிக்கிழமை செஸ் கிளப்: அடுத்து நடத்தப்போகும் ஆசிரியருக்கு

அலமாரியின் கீழ்த்தட்டில் பதினொரு செட் இருக்கிறது. மூன்றாம் எண் பெட்டியில் ஒரு கறுப்புச் சிப்பாய் இல்லை, அதற்குப் பதில் ஒரு புளியங்கொட்டை இருக்கும். தூக்கி எறிந்துவிடாதீர்கள். அந்தப் புளியங்கொட்டையை ராணியாக்கிக் காட்டுவதற்கென்றே அந்தப் பெட்டிக்குச் சண்டை போடும் பிள்ளைகள் உண்டு.

கிளப் வெள்ளி மாலை 3.15 முதல் 4.15 வரை. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்து நான்கு பேர். எல்லாரும் வந்துவிட்டால் இருவருக்குப் போர்டு இருக்காது. அந்த இருவர் அன்றைக்கு நடுவர்கள். நடுவர் பேசக்கூடாது, முகத்தாலும் சொல்லிக்கொடுக்கக்கூடாது. முகம் சுளித்தே விடையைச் சொல்லிவிடும் கில்லாடிகள் இருக்கிறார்கள், ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. எட்டாம் வகுப்பில் மூன்று பேர் என்னைத் தோற்கடிப்பார்கள். அதனால் கிளப் கெட்டுப்போகவில்லை. இங்கே நம் வேலை ஒன்றுதான்: காயைத் தொடுவதற்கு முன் பிள்ளை போர்டைப் பார்க்க வேண்டும். 'எதிரி இப்போது எதை வெட்டப் பார்க்கிறான்?' என்ற கேள்வி பழக்கமாகிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். ஓபனிங் பெயர்களை ஒப்பிக்கிற பிள்ளை, சும்மா நிற்கிற ராணியை வெட்டுக்கொடுத்துவிட்டு விழிப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

ஒரு மணி நேரம் எப்படிப் போகும்

முதல் பத்து நிமிடம் கரும்பலகையில் ஒரு புதிர். பிள்ளைகள் வந்து உட்காரும்போதே அது இருக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டிகளைத் திறந்துவிடுவார்கள். அப்புறம் பதினைந்து நிமிடம் பாடம். அதற்கு மேல் நீட்டாதீர்கள், மாலை மூன்றரைக்கு யாருக்கும் காது கேட்காது. பிறகு இருபத்தைந்து நிமிடம் ஆட்டம். கடைசிப் பத்து நிமிடம் எண்ணி அடுக்க: ஒரு செட்டுக்கு 32 காய், ஆடிய இருவரும் சேர்ந்து எண்ணி 'முப்பத்திரண்டு' என்று சொன்ன பிறகுதான் பை எடுக்கலாம். இந்த விதி வருவதற்கு முன் போனதுதான் அந்தச் சிப்பாய்.

காய்களின் பெயரில் கறாராக இருக்க வேண்டாம். புத்தகத்தில் கோட்டை, அமைச்சர், காலாள் என்றெல்லாம் இருக்கும். நம் பிள்ளைகள் வாயில் யானை, மந்திரி, சிப்பாய். சிலர் வீட்டில் ராணியையே மந்திரி என்பார்கள், அதனால் முதல் வாரமே எது எது என்று பொதுவாக முடிவு செய்துவிடுங்கள். கட்டங்களின் பெயரில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். a முதல் h வரை, 1 முதல் 8 வரை எல்லாருக்கும் தெரிய வேண்டும். போர்டு வைக்கும்போது அவரவர் வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம்.

முதல் ஆறு வாரம்

முதல் வாரமே முப்பத்திரண்டு காயையும் வைத்து ஆட விடாதீர்கள். முதல் வருடம் நான் செய்த தப்பு அது. பாதிப் பேருக்கு எந்தக் காய் எப்படிப் போகும் என்றே தெரியாது, தெரிந்த நாலு பேர் மற்றவர்களை மொட்டையடித்தார்கள். மூன்றாம் வாரம் ஒன்பது பேர்தான் வந்தார்கள்.

இப்போது முதல் வாரம் சிப்பாய்ச் சண்டை. பக்கத்துக்கு எட்டுச் சிப்பாய், வேறு எதுவும் இல்லை. யாருடைய சிப்பாய் முதலில் மறுகரைக்குப் போகிறதோ அவருக்கு வெற்றி. நகர முடியாமல் முட்டிக்கொண்டால் சமன். நேராகப் போய்ச் சாய்வாக வெட்டும் என்பது இதில் ஊறிவிடும். இரண்டாம் வாரம் அதோடு யானையும் மந்திரியும். மூன்றாம் வாரம் குதிரை மட்டும்: ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு எத்தனை தாவலில் போகலாம் என்று போட்டி வையுங்கள். a1-லிருந்து h8-க்கு ஆறு தாவல் வேண்டும், ஐந்தில் போய்விட்டேன் என்று யாராவது கத்தினால் திரும்ப ஆடிக் காட்டச் சொல்லுங்கள். நான்காம் வாரம் ராணியும் ராஜாவும், செக் என்றால் என்ன, மேட் என்றால் என்ன. ஐந்தாவது வாரம் முழு ஆட்டம், காஸ்லிங்கோடு. 'தொட்டால் ஆடியே ஆக வேண்டும்' என்பதையும் அன்றே அமல்படுத்துங்கள். அழுகை வரும், இரண்டு வாரத்தில் நின்றுவிடும்.

ஆறாவது வாரத்துக்குள் யாராவது ஒரு பிள்ளை போனில் பார்த்து 'நாலு மூவ் மேட்' கற்றுக்கொண்டு வரும். மந்திரியை c4-க்கும் ராணியை h5-க்கும் கொண்டுபோய் f7-ல் அடிப்பது. ஒரு வாரம் அந்தப் பிள்ளைதான் ராஜா. திட்டாதீர்கள். அடுத்த வெள்ளி அதையே பாடமாக்குங்கள். 1.e4 e5, வெள்ளை மந்திரி c4, கறுப்புக் குதிரை c6, வெள்ளை ராணி h5 என்று வைத்து நிறுத்தி, 'இப்போது எதை வெட்டப் பார்க்கிறான்?' என்று கேளுங்கள். g7 சிப்பாயை g6-க்குத் தள்ளினால் போதும், f7-க்குப் போகும் வழி அடைபடுகிறது, ராணியும் ஓட வேண்டியதாகிறது. அந்த வித்தையைக் கொண்டுவந்த பிள்ளையையே பலகைக்கு அழைத்து விளக்கச் சொன்னேன். முகம் தொங்கிப்போகும் என்று நினைத்தேன், ஒரு ஆசிரியரின் தோரணையில் சாக்பீஸைக் கையில் எடுத்துக்கொண்டது.

புதிர் அட்டைகள்

ஐஸ்கிரீம் டப்பாவில் மூன்று நிறத்தில் அட்டைகள் இருக்கின்றன. பச்சையில் மூன்றைத் தானாக, காய் தொடாமல், வாயால் சொன்ன பிறகுதான் மஞ்சள். மஞ்சள் முடித்தவர்களுக்குச் சிவப்பு. வகுப்பைப் பார்த்துக் கொடுக்காதீர்கள், ஆறாம் வகுப்பில் சிவப்பில் இருக்கிறவர்களும் உண்டு. நான் அதிகம் பயன்படுத்தும் ஆறு அட்டைகள் இதோ. எல்லாவற்றிலும் வெள்ளை ஆட வேண்டும்.

*பச்சை 1.* வெள்ளை: ராஜா g1, யானை d3, சிப்பாய் g2, h2. கறுப்பு: ராஜா g8, குதிரை d6, மந்திரி a3, சிப்பாய் c7, g7, h7. எதை வெட்டலாம்?

விடை: a3 மந்திரி. அதற்குக் காவல் இல்லை. குதிரையை வெட்டினால் c7 சிப்பாயோ மந்திரியோ யானையைத் தின்றுவிடும். பாதிப் பேர் முதலில் குதிரை என்பார்கள், குதிரை கண்ணுக்கு நேரே நிற்கிறது, அதனால்.

*பச்சை 2.* வெள்ளை: ராஜா g1, யானை e1, சிப்பாய் f2, g2, h2. கறுப்பு: ராஜா g8, யானை a2, சிப்பாய் f7, g7, h7. ஒரே மூவில் மேட்.

விடை: யானை e8. கறுப்பு ராஜாவின் வழியை அதன் சிப்பாய்களே அடைத்துக்கொண்டிருக்கின்றன. விடை சொன்னதும் கறுப்பு யானையை மட்டும் a2-லிருந்து a8-க்கு மாற்றி வைத்து, 'இப்போதும் அதே மூவா?' என்று கேளுங்கள். ஆமாம் என்று தலையாட்டிய பிள்ளைக்குப் பச்சை அட்டை இன்னும் முடியவில்லை. அங்கே e8 போனால் யானை போச்சு.

*மஞ்சள் 1.* வெள்ளை: ராஜா g1, குதிரை d5, சிப்பாய் f2, g2, h2. கறுப்பு: ராஜா g8, ராணி c6, சிப்பாய் f7, g7, h7. ராணியை எப்படிப் பிடிப்பது?

விடை: குதிரை e7, செக். ராஜா நகர்ந்தே ஆக வேண்டும், அடுத்த மூவில் c6 ராணி நமக்கு. 'நம் குதிரையை ராணி வெட்டப்போகுதே' என்று குதிரையைப் பத்திரமான இடத்துக்கு ஒளிக்கிறவர்கள் நிறைய. பயந்து ஓடுவதற்கு முன் செக் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

*மஞ்சள் 2.* வெள்ளை: ராஜா f6, ராணி g3. கறுப்பு: ராஜா h8 மட்டும். ஒரே மூவில் மேட்.

விடை: ராணி g7. இந்த அட்டையின் உயிர் விடையில் இல்லை, தப்பான விடையில் இருக்கிறது. ராணியை g6-க்கு வைத்து 'மேட்!' என்று கையைத் தட்டுவார்கள். ராஜாவுக்குச் செக் இருக்கிறதா? இல்லை. போக இடம் இருக்கிறதா? அதுவும் இல்லை. ஸ்டேல்மேட், ஆட்டம் சமன். ஒரு ராணி கூடுதலாக வைத்துக்கொண்டு அரைப் புள்ளி வாங்கிய சோகத்தை எங்கள் பிள்ளைகள் வட்டாரப் போட்டியில் ஒரே நாளில் இரண்டு முறை அனுபவித்தார்கள். அதற்கப்புறம் செய்த அட்டை இது.

*சிவப்பு 1.* வெள்ளை: ராஜா g1, ராணி e2, யானை e1, சிப்பாய் f2, g2, h2. கறுப்பு: ராஜா g8, ராணி c7, யானை d8, சிப்பாய் f7, g7, h7. இரண்டு மூவில் மேட்.

விடை: ராணி e8, செக். கறுப்பு யானை வெட்டித்தான் ஆக வேண்டும். நம் யானை e8-ல் திருப்பி வெட்டினால் மேட். ராணியைப் பலி கொடுக்க மனசு வராமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார்கள். உட்காரட்டும், குறிப்புக் கொடுக்காதீர்கள்.

*சிவப்பு 2.* வெள்ளை: ராஜா e6, சிப்பாய் e5. கறுப்பு: ராஜா e8. சிப்பாயை ராணியாக்கு.

விடை: ராஜா d6 (f6-ம் சரி). கறுப்பு d8 போனால் சிப்பாய் e6. கறுப்பு e8 வந்தால் சிப்பாய் e7. இப்போது கறுப்புக்கு f7 தவிர இடமில்லை, நம் ராஜா d7, அடுத்து ராணி. முதல் மூவுக்கே கறுப்பு f7 போனால் உடனே d7. எழுதிப் படிப்பதால் புரியாது, எதிரே உட்கார்ந்து நீங்கள் கறுப்பை ஆடுங்கள்.

இத்துனூண்டு காயை வைத்து எதற்கு இந்தப் பாடு என்று கேட்பார்கள். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆன கடைசி ஆட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள். அது பதினான்காவது ஆட்டம். டிங் லிரென் தன் யானையை f2-க்கு நகர்த்தினார். யானைகள் வெட்டுப்பட்டன, மந்திரிகள் வெட்டுப்பட்டன, மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும். அந்த நிலையில் தோல்வி உறுதி என்று தெரிந்து டிங் கைகொடுத்துவிட்டார். அதைப் பார்த்த நாளில் சிவப்பு 2 அட்டைக்கு வரிசை நின்றது.

இன்னும் சில

புள்ளிப் பட்டியலைச் சுவரில் ஒட்டாதீர்கள். ஒட்டினேன், கடைசி ஐந்து பேர் வருவதை நிறுத்தினார்கள். நோட்டில் எழுதி வையுங்கள், ஜோடி சேர்க்க மட்டும் பாருங்கள். ஏறக்குறைய சமமான இருவரை மோத விட்டால் போதும். மாதத்தில் ஒரு வெள்ளி யாரும் யாரோடும் ஆடலாம்.

தோற்றதும் காய்களைக் கலைத்துவிடும் பிள்ளை ஒன்று இருக்கும். கோபித்துக்கொள்வதற்குப் பதில், எந்த மூவில் ஆட்டம் போனது என்று எதிராளியோடு சேர்ந்து திரும்ப வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். போர்டைத் திரும்ப அடுக்கும் வேலையிலேயே கோபம் பாதி இறங்கிவிடும்.

பெண்பிள்ளைகள் ஒன்பது பேர். பேருந்து 4.20-க்கு என்பதால் அவர்களில் நாலு பேர் பத்து நிமிடம் முன்பே கிளம்ப வேண்டும். அவர்கள் செட்டை முதலில் எண்ணி முடித்துவிடுங்கள்.

2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது வேட்டி கட்டிய குதிரை 'தம்பி'யை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சார்ட்டில் வரைந்தாள். இப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு, வேறு பள்ளி. அலமாரிக் கதவின் உள்பக்கம் அந்தச் சார்ட் ஒட்டியிருக்கிறது. கதவு ஒழுங்காகச் சாத்தாது, கீழ்த் தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும். சாவி அலுவலக அறையில், ஆணியில் மாட்டியிருக்கும்.