பெயரை மறைத்தால் போதுமா?
மருத்துவமனை முன்மேசைப் பணியாளர்களுக்கான இணையவழிப் பயிற்சி, பகுதி 3: குரல் உரை

(இசை வேண்டாம். திரை கருப்பாக இருக்கட்டும்.)

வணக்கம். இரவுப் பணி முடிந்த கையோடு இதைக் கேட்கிறவர்கள் பலர் இருப்பீர்கள். முதலில் ஒரு மடக்கு தண்ணீர் குடியுங்கள். காத்திருக்கிறேன்.

(5 நொடி மௌனம்.)

இப்போது கண்ணை மூடிக்கொண்டு இதைக் கேளுங்கள்.

(வேறு குரல், உரக்க:) "செல்வி! டோக்கன் 42! உங்கள் கர்ப்பப் பரிசோதனை ரிப்போர்ட் வந்துவிட்டது!"

கண்ணைத் திறக்கலாம். கூடத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் செல்வியின் தெருக்காரர். அந்த ஒரே கூப்பிடலில் செல்வியைப் பற்றி எத்தனை செய்திகள் வெளியே போயின? விரல்விட்டு எண்ணுங்கள்.

(8 நொடி மௌனம்.)

அவருடைய பெயர், ஒன்று. இன்று மருத்துவமனைக்கு வந்திருக்கிறார் என்பது இரண்டு. எதற்காக வந்தார் என்பது மூன்று. மூன்றாவதைச் செல்வி தன் வீட்டிலேயே இன்னும் சொல்லவில்லை. கூப்பிட்ட பணியாளர் கெட்டவர் அல்லர். காத்திருக்கும் பெண்ணுக்கு ரிப்போர்ட் சீக்கிரம் கிடைக்கட்டும் என்று நினைத்தவர்தான். "டோக்கன் 42, கவுன்டருக்கு வாருங்கள்" என்றால் வேலை முடிந்திருக்கும்.

அடுத்தது தொலைபேசி. மணி இரவு பதினொன்று. ஓர் ஆண் குரல்: "நான் அவருடைய கணவர் பேசுகிறேன். பிறந்த தேதி வேண்டுமானாலும் சொல்கிறேன். ரிசல்ட் என்ன?"

(திரையில் இரண்டு பொத்தான்கள். அ: தேதி சரியாக இருந்தால் சொல்லலாம். ஆ: சொல்லக்கூடாது.)

தேர்ந்தெடுங்கள்.

(கற்பவர் அழுத்தும்வரை காத்திருக்கவும்.)

விடை 'ஆ'. பிறந்த தேதி கணவருக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியும், பிரிந்துபோன கணவருக்கும் தெரியும். அது தெரிந்திருப்பதால் ரிப்போர்ட்டைக் கேட்கும் உரிமை வந்துவிடாது. "பதிவில் உள்ள எண்ணில் நோயாளியிடமே பேசிக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டு வையுங்கள். அவர் கோபப்படுவார். கோபப்படட்டும்.

இனி நம்மில் அநேகம் பேர் நம்பும் ஒன்றுக்கு வருகிறேன். "பெயரை மறைத்துவிட்டுத்தானே வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன்?"

அமெரிக்காவில் 1990-களின் நடுவில் நடந்ததைக் கேளுங்கள். மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகள் பெயர், முகவரி நீக்கப்பட்டு ஆய்வாளர்களுக்குக் கிடைத்தன. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் அப்படியே இருந்தன. லட்டான்யா ஸ்வீனி என்ற ஆராய்ச்சி மாணவி 20 டாலர் கொடுத்து கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கி, இரண்டையும் ஒப்பிட்டார். அந்த மாநிலத்தின் ஆளுநர் வில்லியம் வெல்ட் பிறந்த அதே தேதியில் பிறந்தவர்கள் அந்தப் பட்டியலில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் எத்தனை பேர் என்று ஊகியுங்கள்.

(4 நொடி மௌனம்.)

மூன்று பேர். அந்த மூவரில் ஆளுநரின் அஞ்சல் குறியீட்டில் வசித்தவர் அவர் ஒருவரே. பெயரே இல்லாத தாளிலிருந்து ஓர் ஆளுநரின் மருத்துவப் பதிவு எழுந்து வந்துவிட்டது.

நம் ஊருக்கு வாருங்கள். "34 வயது, பெண், சத்துணவு அமைப்பாளர்" என்று எழுதிய ஒரு சீட்டு. ஊரின் பெயரும் அதில் இருக்கிறது. சிறிய ஊர் என்றால் அது யார் என்று அங்கே டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் சொல்லிவிடுவார்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமிருக்கிறது.

கடைசிச் சூழல். அவசரத்தில் ஒருவரின் ரிப்போர்ட்டை வேறொருவரின் எண்ணுக்கு அனுப்பிவிட்டீர்கள். உடனே அழித்தும்விட்டீர்கள். பிரச்சினை முடிந்ததா?

(5 நொடி மௌனம்.)

முடியவில்லை. அழிப்பதற்குள் அவர் பார்த்திருக்கலாம், படம் பிடித்திருக்கலாம். எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு, யாருடைய ரிப்போர்ட் என்று குறித்துக்கொண்டு அந்த நிமிடமே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். தரவு கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிக்கும்படி சட்டம் கேட்கிறது. நீங்கள் மறைத்தால் மருத்துவமனையால் அதைச் செய்ய முடியாது. அந்த நோயாளிக்கும் தன்னைக் காத்துக்கொள்ள வழியில்லாமல் போய்விடும். தவறு யாருக்கும் நேரும். தயங்காமல் சொல்லுங்கள்.

இப்போது எழுந்திருங்கள். நிஜமாகவே எழுந்து, உங்கள் கவுன்டருக்கு வெளியே நோயாளி நிற்கும் இடத்தில் போய் நில்லுங்கள். அங்கிருந்து பார்த்தால் கணினித் திரையிலும் வருகைப் பதிவேட்டிலும் எத்தனை பெயர்களைப் படிக்க முடிகிறது? திரும்பி வந்து அந்த எண்ணைக் கட்டத்தில் எழுதிவிட்டு, 'அடுத்து' பொத்தானை அழுத்துங்கள்.