கடையில் புதிய விசாரணை கவுண்டர்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு கடிதம்

வெற்றிவேல் ஹார்டுவேர்ஸ்
பிளம்பிங், எலெக்ட்ரிக்கல், மோட்டார் பம்ப் சாமான்கள்
கோவில்பட்டி
10-06-2025

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வரும் திங்கட்கிழமை (16-06-2025) முதல் நம் கடையில் விசாரணைக்கென்று தனி கவுண்டர் இயங்கும். வாசலில் நுழைந்ததும் இடதுபுறம், இதுவரை பெயின்ட் டப்பாக்கள் அடுக்கியிருந்த இடம். பில் போடும் வரிசையில் நிற்க வேண்டாம். நேராக அங்கே வந்து கேட்கலாம்.

காலை எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை கொத்தனார், பிளம்பர் கூட்டம் உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் ஒருவர் "இதுக்கு எந்த எல்போ சேரும்?" என்று கேட்டால், பில் போடுபவர் கண்ணால் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். வீட்டுக்குப் போனால் சேராது. திரும்பி வரும் சாமான்களில் பெரும்பகுதி இப்படி அளவு மாறிப் போனவைதான்.

அதிகம் மாறுவது பைப். சிபிவிசி முக்கால் இன்ச் பைப்பின் வெளி விட்டம் சுமார் 22 மி.மீ.; யூபிவிசி அரை இன்ச் பைப்புக்கோ 21 மி.மீ.க்குச் சற்று மேல். கையில் எடுத்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் ஒன்றின் ஃபிட்டிங் மற்றதில் உட்காராது. வெட்டின துண்டு இருந்தால் எடுத்து வாருங்கள், வெர்னியர் வைத்து அளந்து சொல்கிறோம். பைப் சுவரில் பதிந்திருந்தால், வெளியே தெரியும் இடத்தில் ஒரு நூலைச் சுற்றி நீளத்தைக் குறித்து வாருங்கள். 5 செ.மீ. வந்தால் சிபிவிசி அரை இன்ச், 7 வந்தால் சிபிவிசி முக்கால். 6.7 என்றால் யூபிவிசி அரை, 8.4 என்றால் யூபிவிசி முக்கால். 6.7-க்கும் 7-க்கும் நூலில் தடுமாறும் என்பதால் நிறத்தையும் பாருங்கள்: சிபிவிசி சந்தன நிறம், யூபிவிசி வெள்ளை. வெந்நீர் லைனுக்கு வெள்ளைப் பைப் கேட்டால் கவுண்டரில் இருப்பவர் மறுப்பார். சூட்டில் அது இளகிவிடும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒட்டும் சொல்யூஷனும் இரண்டுக்கும் வேறு வேறு. டப்பா திறந்தே கிடந்து கெட்டியாகிவிட்டால் தின்னர் ஊற்றி இளக்க வேண்டாம், ஜாயின்ட் பிடிக்காது. ஒட்டிய பிறகு ஒரு நாள் விட்டு மோட்டார் போடுவது நல்லது. மரை ஜாயின்ட் ஒழுகினால் மேலும் மேலும் முறுக்குவதைவிட, கழற்றி டெஃப்ளான் டேப்பைப் புதிதாகச் சுற்றுங்கள். முறுக்க முறுக்க, உள்மரை வைத்த பிளாஸ்டிக் ஃபிட்டிங்கான எஃப்.டி.ஏ. விரிந்து கீறிவிடும். பித்தளை மரை வைத்தது விலை கூடுதல்தான், குழாய் மாட்டும் இடத்துக்கு அதுவே சரி.

போர் மோட்டார் கேட்டு வருபவர்கள் "போர் நானூறு அடி" என்று மட்டும் சொல்கிறீர்கள். அது போதாது. மோட்டார் ஓடும்போது தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, மேல்தொட்டி எவ்வளவு உயரம், கேசிங் பைப் எத்தனை இன்ச், சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா, பேனல் பெட்டியிலிருந்து போர் எவ்வளவு தூரம் என்ற ஐந்தும் வேண்டும். பழைய மோட்டாரின் பிளேட்டை போனில் படம் எடுத்து வந்தால் பாதி வேலை முடிந்தது.

மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்டென்சரை. அதைக் கழற்றி வந்தால் மீட்டரில் இலவசமாகச் சோதித்துத் தருவோம். மெயினை அணைத்த பிறகும் அதில் கரண்ட் தேங்கி நிற்கும். ஆகவே எலெக்ட்ரீஷியனை வைத்தே கழற்றுங்கள். மேலே அச்சிட்டிருக்கும் மைக்ரோஃபாரட், வோல்ட் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒயர் விஷயத்தில் பொதுவாக லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசி, கீசருக்கு 4 ஸ்கொயர் எம்.எம். கொடுக்கிறோம். எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று பெரிய ஆம்பியர் கேட்பவர்களிடம் மட்டும் ஒயர் அளவைக் கேட்டுவிட்டுத்தான் கொடுப்போம். ஒயர் தாங்காத ஆம்பியருக்கு எம்சிபி போட்டால் அது விழாது, ஒயர்தான் சூடேறும்.

கவுண்டர் நேரம் காலை 9 முதல் 1 வரை, மாலை 4 முதல் 8 வரை, ஞாயிறு விடுமுறை. பிளம்பிங் கேள்விகளுக்கு நாள் முழுவதும் ஆள் உண்டு. மோட்டார், ஒயரிங் தெரிந்தவர் மாலையில்தான் இருப்பார். நேரில் வர முடியாதவர்கள் பில்லில் உள்ள வாட்ஸ்அப் எண்ணுக்குப் படம் அனுப்பலாம்; படத்தில் பைப்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும்.

கேட்டுவிட்டு வாங்காமல் போனாலும் எங்களுக்கு வருத்தமில்லை. வேறு கடையில் வாங்கிய சாமானைப் பற்றியும் கேட்கலாம். மாற்றித் தருவதில் பழைய முறையேதான்: பயன்படுத்தாத ஃபிட்டிங்கை பில்லோடு ஏழு நாளுக்குள் மாற்றலாம், வெட்டிய பைப், ஒயர், மாட்டிப் பார்த்த எலெக்ட்ரிக்கல் சாமான் திரும்ப எடுப்பதில்லை.

இப்படிக்கு,
இரா. செல்வக்குமார்
உரிமையாளர்