கெடுவுக்குள் கட்டிய பராமரிப்புத் தொகைக்குத் தாமதக் கட்டணம்: ரத்து செய்யக் கோரி

நாள்: 06-10-2025

அனுப்புநர்:
பி-304 வீட்டின் உரிமையாளர்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கம்

பொருள்: 2025 ஆகஸ்ட் மாதப் பராமரிப்புத் தொகைக்கு விதித்த தாமதக் கட்டணம் ரூ.250, அதன் தொடர்ச்சியாக விதித்த இன்னொரு ரூ.250, இரண்டையும் நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதைப் பற்றிச் சங்க அலுவலகத்தில் நேரில் சொன்னேன். "சிஸ்டத்தில் 12-ஆம் தேதி என்றுதான் காட்டுகிறது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்றார்கள். அங்கே இருப்பவர் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் திரையில் தெரிவதைத்தான் சொல்ல முடியும். இப்போது அக்டோபர் பில்லிலும் தொகை கூடியிருப்பதால் எழுத்தில் தருகிறேன்.

ஆகஸ்ட் மாதப் பராமரிப்புத் தொகை ரூ.4,850. கெடு 10-ஆம் தேதி. நான் 9-ஆம் தேதி சனிக்கிழமை மாலை 6.42-க்கு என் வங்கிச் செயலியிலிருந்து நெஃப்ட் மூலம் அனுப்பினேன். குறிப்புப் பகுதியில் B304 AUG MAINT என்று போட்டிருக்கிறேன். அன்று இரவு 7.21-க்கே, பணம் சங்கத்தின் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிட்டது என்று என் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. "அனுப்பப்பட்டது" என்ற செய்தி வேறு, "வரவு வைக்கப்பட்டது" என்ற செய்தி வேறு. என்னிடம் இரண்டும் இருக்கின்றன.

அன்று இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை, மறுநாள் ஞாயிறு, அதனால் பணம் திங்கட்கிழமைக்கு மேல்தான் வந்திருக்கும் என்று அலுவலகத்தில் ஒரு விளக்கமும் கிடைத்தது. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் 2019 டிசம்பரிலிருந்து நெஃப்ட் வாரத்தின் ஏழு நாளும், 24 மணி நேரமும், அரை மணிக்கு ஒரு தொகுதியாக ஓடுகிறது. வங்கிக் கிளை பூட்டியிருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

என் வங்கிக் காகிதத்தை நம்ப வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் மாத வரவுசெலவை எல்லா வீட்டுக்கும் பொருளாளர் மின்னஞ்சலில் அனுப்பியபோது, சங்கத்தின் வங்கி அறிக்கையையும் சேர்த்தே அனுப்பினார். (நல்ல வழக்கம், விட்டுவிட வேண்டாம்.) அதன் இரண்டாம் பக்கத்தில், லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்துக்குப் போன காசோலைக்கு அடுத்த வரியில், 09-08-2025 என்ற தேதியில் B304 AUG MAINT என்ற குறிப்போடு 4,850.00 வரவாக நிற்கிறது. அந்த வரியிலுள்ள பரிவர்த்தனை எண்ணும் என் குறுஞ்செய்தியிலுள்ள எண்ணும் ஒன்றே. ஆக, பணம் 9-ஆம் தேதியே வந்துவிட்டது என்று சொல்வது நான் மட்டுமல்ல, சங்கத்தின் கணக்கே சொல்கிறது.

அப்படியானால் 12 எங்கிருந்து வந்தது? என் ரசீதில் "பெறப்பட்ட தேதி 12-08-2025" என்று இருக்கிறது. 12-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. வங்கி அறிக்கையை இறக்கி பில் மென்பொருளில் பதிவேற்றுவது வழக்கமாகச் செவ்வாய்க்கிழமைதான் என்று அலுவலகத்திலேயே சொன்னார்கள். மென்பொருள் வங்கியின் வரவுத் தேதியை எடுக்காமல், பதிவு போட்ட தேதியை எடுத்துக்கொண்டிருக்கிறது என்றே தோன்றுகிறது. அப்படியிருந்தால் அந்த வாரக் கடைசியில் கட்டிய மற்ற வீடுகளுக்கும் இதே கதி நேர்ந்திருக்கும். ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ரூ.250-க்காக யார் சண்டை போடுவது என்று பேசாமல் கட்டிவிட்டவர்களும் இருக்கலாம்.

தாமதக் கட்டணமே கூடாது என்பது என் வாதமல்ல. பொதுக்குழுவில் அந்தத் தீர்மானம் வந்தபோது ஆதரித்துக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். எல்லாரும் இழுத்தடித்தால் தண்ணீர் லாரிக்கும் காவலர் சம்பளத்துக்கும் பணம் எங்கிருந்து வரும்? ஆனால் அந்தத் தீர்மானத்தின் வாசகம் "10-ஆம் தேதிக்குள் சங்கத்தின் வங்கிக் கணக்கில் வரவாக வேண்டும்" என்பதுதான். மென்பொருளில் பதிவாக வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. பதிவு போடுவது எங்கள் கையில் இல்லாத வேலை.

இரண்டாவது ரூ.250-க்கு வருகிறேன். செப்டம்பர் தொகை ரூ.4,850-ஐ 4-ஆம் தேதியே B304 SEP MAINT என்ற குறிப்போடு அனுப்பினேன். மென்பொருள் அதிலிருந்து முதலில் ஆகஸ்ட் தாமதக் கட்டணம் ரூ.250-ஐக் கழித்துக்கொண்டு, மீதி ரூ.4,600-ஐத்தான் செப்டம்பர் கணக்கில் வைத்திருக்கிறது. பிறகு "செப்டம்பரில் ரூ.250 பாக்கி" என்று காட்டி, அந்தப் பாக்கிக்கு இன்னொரு ரூ.250 போட்டு அக்டோபர் பில்லில் சேர்த்துவிட்டது. இப்படியே விட்டால் மாதம் தவறாமல் கட்டிக்கொண்டே ஆயுள் முழுக்கப் பாக்கிதாரராக இருப்பேன். சட்டம் பேசி உங்களோடு மல்லுக்கட்டும் எண்ணம் இல்லை. ஆனால் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59-ஆவது பிரிவு, இன்ன பாக்கிக்கு என்று சொல்லிக் கொடுத்த பணத்தை ஏற்றுக்கொண்டால் அதற்கே வரவு வைக்க வேண்டும் என்கிறது. நான் எதற்கு என்று குறிப்பிலேயே எழுதித்தான் அனுப்பினேன்.

பணத்தைவிட என்னை உறுத்துவது வேறொன்று. தரைத்தள லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் "பாக்கி வைத்துள்ள வீடுகள்" பட்டியலில் பி-304-ம் இருக்கிறது. நான்கைந்து மாதம் கட்டாத வீடுகளுக்கு நடுவே, எதிரில் ரூ.500 என்று. லிஃப்டுக்கு நிற்கிறவர்கள் தொகையைப் படிப்பதில்லை, வீட்டு எண்ணைத்தான் படிக்கிறார்கள். போன வாரம் மேல்வீட்டுப் பெரியவர் என் மனைவியிடம், "ஏதாவது பணக் கஷ்டமாம்மா?" என்று அக்கறையாகக் கேட்டிருக்கிறார்.

ஆகவே, இரண்டு தாமதக் கட்டணங்களையும் ரத்து செய்து, ஆகஸ்ட் ரசீதில் பெறப்பட்ட தேதியை 09-08-2025 என்று திருத்தி, பி-304-க்குப் பாக்கி இல்லை என்று காட்டும் புதிய கணக்கு விவரம் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். பட்டியலிலிருந்து எங்கள் வீட்டு எண்ணை இன்றே எடுத்துவிடலாம், அதற்குக் கமிட்டி கூட வேண்டியதில்லை. அக்டோபர் தொகை ரூ.4,850-ஐ நேற்று 5-ஆம் தேதி B304 OCT MAINT ONLY என்ற குறிப்போடு செலுத்திவிட்டேன். அதிலிருந்து எதையும் பழைய கட்டணத்துக்குக் கழிக்க வேண்டாம்.

அடுத்த கமிட்டிக் கூட்டம் 12-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்று அறிவிப்பில் பார்த்தேன். அதற்குள் எழுத்தில் பதில் கிடைத்தால் நல்லது. கூட்டத்தில்தான் முடிவெடுக்க வேண்டும் என்றால் இந்தக் கடிதத்தை அன்றைய பொருள்நிரலில் சேர்த்துவிடுங்கள். அசல் குறுஞ்செய்திகளோடு நானும் வருகிறேன். சம்பளமில்லாமல் இந்தப் பொறுப்பைச் சுமக்கிறீர்கள் என்பது தெரியும். உங்கள் வேலையைக் கூட்டக் கூடாது என்றுதான் தேட வேண்டிய பக்கங்களை நானே அடையாளமிட்டு இணைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமிட்டுத் தரவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பி-304 வீட்டின் உரிமையாளர்

நகல்: பொருளாளர் அவர்கள்

இணைப்பு: 09-08-2025 பரிவர்த்தனையின் குறுஞ்செய்திகள் இரண்டின் அச்சு நகல், சங்கத்தின் ஆகஸ்ட் வங்கி அறிக்கை, 2-ஆம் பக்கம் (வரி அடிக்கோடிடப்பட்டது), ஆகஸ்ட், செப்டம்பர் ரசீதுகள், அக்டோபர் பில், தாமதக் கட்டணம் குறித்த பொதுக்குழுத் தீர்மானத்தின் நகல்.