டேபிள் டாப் கிரைண்டர்: பெட்டியைப் பிரிச்சு, உளுந்து போட்டுப் பார்க்கிறோம்

[சமையல் மேடை. பிரிக்காத பெட்டி. கம்பெனிப் பெயர் மேல காகித டேப்.]

வணக்கம். இது 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர். 4,650 ரூபா, என் சொந்தக் காசு. பெயரை ஏன் மறைச்சிருக்கேன்னா, பெயரைப் பார்த்ததுமே உங்கள்ல பாதிப் பேர் "நல்லதுதான்"னு முடிவு பண்ணிடுவீங்க, மீதிப் பேர் "வேண்டாம்"னுடுவீங்க. மாவைப் பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்.

[பெட்டியின் பக்கவாட்டு, க்ளோசப்]

முதல்ல லேபிள். எல்லா வரியும் சேர்த்த எம்.ஆர்.பி., தயாரிச்ச மாசம், புகார் எண் எல்லாம் இருக்கு. கோயம்புத்தூர் தயாரிப்பு. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு, சந்தோஷம். ஆனா அது ஊரோட பெருமை. இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற மோட்டாருக்கு யாரும் கொடுத்த சான்றிதழ் இல்ல.

"மின்சாரம் மிச்சம்"னு பெருசா போட்டிருக்காங்க. அதை அப்புறம் அளக்கலாம்.

[பெட்டியைத் திறக்கும் சத்தம். பேச்சு இல்லை, 5 விநாடி.]

தெர்மோகோல் நல்லா இறுக்கமா இருக்கு. டிரம், கல்லு, மூடி, அளவு டம்ளர், மாவு வழிக்கிற பிளாஸ்டிக் கரண்டி. கரண்டி ரொம்ப மெல்லிசு, வளையுது பாருங்க. டிரம் விளிம்புல கையை ஓட்டிப் பார்க்கிறேன்... கீறல. உருளைக் கல்லு ரெண்டும் தனித்தனியா சுத்துது, ஒண்ணு கொஞ்சம் இறுக்கம். புதுசுல இது சகஜம்தான். ஓடின பிறகும் இறுக்கமா இருந்தா சொல்றேன்.

வயரை டேப்பால அளக்கிறேன். 1.2 மீட்டர். என் வீட்டு பிளக்குக்கு எட்டுது, மேடையோட அந்த ஓரத்துல வச்சா எட்டாது. வாங்குறதுக்கு முன்னாடி உங்க பிளக் எங்க இருக்குன்னு பார்த்துக்கோங்க.

[வாரண்டி அட்டை, க்ளோசப்]

இங்க கொஞ்சம் நிதானமா படிக்கணும். பெட்டி மேல "5 வருட வாரண்டி". உள்ள இருக்கிற அட்டைல அது மோட்டாருக்கு மட்டும். பெல்ட், கல்லு, டிரம் எதுவும் சேராது. பொய்னு சொல்ல மாட்டேன், ஆனா பெரிய எழுத்துல பாதியும் பொடி எழுத்துல மீதியும் சொல்றாங்க. கிரைண்டர்ல முதல்ல தேயறதே பெல்ட்தான்.

[கட். டிரம்மில் பச்சரிசி ஓடுகிறது.]

புதுக் கல்லுல நேரா உளுந்தைப் போடாதீங்க. கல்துகள் வரும். ஒரு கை பச்சரிசியை ஊற வச்சு ஓட்டி, அந்த மாவைக் கொட்டிடுங்க. சாம்பல் நிறம் தெரியுதா? வெள்ளையா வர்ற வரைக்கும் திரும்பவும் ஓட்டணும்.

[டிரம்மில் உளுந்து. பிளக்கில் வாட் மீட்டர்.]

ஊற வச்ச உளுந்து, ஊறுறதுக்கு முன்னாடி 200 கிராம். பெட்டில 150 வாட்னு இருக்கு, மீட்டர் 128ஐச் சுத்தியே நிக்குது. இட்லி மாவு முழுசா அரைக்க முக்கால் மணி நேரம்னு வச்சாலும் ஒரு யூனிட்டுல பத்துல ஒரு பங்குதான். அதனால "மின்சாரம் மிச்சம்"ங்கிறதைப் பார்த்து வாங்காதீங்க. அதுல மிச்சம் பிடிக்க ஒண்ணுமே இல்ல.

அம்மா (கேமராவுக்குப் பின்னால்): தண்ணியை மொத்தமா ஊத்தாதடா, தெளிச்சு விடு.

சரிம்மா.

[25 நிமிடம் வேகமாக ஓடுகிறது.]

சத்தம்? பக்கத்துல நின்னு பேசினா கேக்குது, ஹால்ல டிவி பார்க்கிறவங்க சத்தத்தைக் கூட்டுவாங்க. மூடியைத் தாண்டி மாவு தெறிக்கல. கல்லு இறுக்கமும் போயிடுச்சு. ஆரம்பத்துல 26 டிகிரி இருந்த மாவு இப்போ 31. கிரைண்டருக்கு மிக்சியை விட மதிப்பு வந்ததே இங்கதான், மெதுவா சுத்துறதால மாவு அவ்வளவா சூடாகாது.

[தண்ணீர்க் கிண்ணம். ஒரு சொட்டு மாவு.]

மிதக்குது. அம்மா, நீங்க சொல்லுங்க.

அம்மா: பொங்கியிருக்கு. ஆனா டிரம்மைத் தூக்கி வழிக்கிறதுக்குள்ள கை போயிடும். நம்ம பழைய கிரைண்டரைச் சாய்ச்சா மாவு தானா வந்துடுமே.

அது நியாயமான குறை. ஈரக் கையில இந்த டிரம் வழுக்குது, பிடிக்க சரியான விளிம்பு இல்ல. மணிக்கட்டு வலி இருக்கிறவங்க, வயசானவங்க கடையில தூக்கிப் பார்க்காம வாங்க வேண்டாம். ஆறேழு பேர் இருக்கிற வீட்டுக்கும் இது போதாது. 2 லிட்டருங்கிறது டிரம்மோட மொத்தக் கொள்ளளவு, கல்லு உள்ள போனதும் குறையுது. மூணு நாலு பேருக்குன்னா அரைக்கிற வேலையை ஒழுங்கா செய்யுது.

பெல்ட் எத்தனை மாசம் தாங்கும், சர்வீஸுக்குக் கூப்பிட்டா ஆள் வருவாங்களா, இதெல்லாம் பெட்டி பிரிச்ச அன்னிக்கு யாராலும் சொல்ல முடியாது. ஆறு மாசம் வீட்ல ஓட்டிட்டு, டேப்பைப் பிரிச்சுப் பெயரோட அடுத்த வீடியோ போடுறேன். அவசரம் இல்லாதவங்க அதுவரைக்கும் பொறுங்க. அவசரம்னா, கடைக்காரர்கிட்ட பெல்ட் என்ன விலை, எங்க கிடைக்கும்னு கேட்டுட்டு பில் போடுங்க.