கட்டுரை மதிப்பீட்டுத் தாள்: 'ஒக்கி – எச்சரிக்கை யாருக்குப் போனது?'

இளங்கலை முதலாண்டு, கட்டுரைப் பயிற்சி, நாகர்கோவில். பொருள்: 2017 நவம்பர் ஒக்கிப் புயலில் சிக்கிய மீனவர்கள்

நிலைகள் நான்கு. 1: இன்னும் உருவாகவில்லை. 2: உருவாகிவருகிறது, இடைவெளி உண்டு. 3: நன்றாக நிற்கிறது, சிறு திருத்தம் போதும். 4: எதிர்த்துப் பேச வருபவரையும் யோசிக்கவைக்கும். மையக் கருத்து, வாதம், சான்று மூன்றையும் கூட்டி ஒரு மதிப்பெண் போடவில்லை, கேட்கவும் வேண்டாம். ஒற்றுப்பிழைகளைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன், அவை இந்தக் கணக்கில் சேராது.

மையக் கருத்து: நிலை 3

"எச்சரிக்கை தாமதமானது என்பதைவிட, ஆழ்கடலில் இருந்தவர்களை எட்ட அதற்கு வழியே இல்லாமல் போனதுதான் இழப்பைப் பெருக்கியது." இது நல்ல வாக்கியம். மறுக்க இடம் இருக்கிறது, அதனால்தான் நல்லது. ஆனால் இதை நான்காவது பத்தியில் கொண்டுபோய் ஒளித்துவைத்திருக்கிறாய். அதற்கு முன் மூன்று பத்தி கடல் அன்னையின் சீற்றம். அதை எடுத்துவிடு, ஒன்றும் குறையாது. கடைசிப் பத்தியில் "எல்லாவற்றுக்கும் அரசே பொறுப்பு" என்று முடிப்பது வேறு கட்டுரையின் மையக் கருத்து.

வாதம்: நிலை 2

முதல் பாதி படிப்படியாக நகர்கிறது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் படகுகள் வாரக்கணக்கில் கடலில் தங்குபவை. பல கொச்சியிலிருந்தே கிளம்புபவை. ஊர்க் கோயில் மைக்கில் சொல்வது அவற்றுக்குக் கேட்காது. சரி.

சறுக்குவது அடுத்த இடத்தில். நவம்பர் 29ஆம் தேதி சாயங்காலம் வள்ளத்தில் கரைக்கடலுக்குப் போனவர்களை நீ எங்குமே சொல்லவில்லை. 30ஆம் தேதி காலையில் புயலாக வலுத்தது என்று நீயே எழுதுகிறாய். அப்படியானால் அந்த வள்ளக்காரர்களுக்குத் தாமதம்தானே பிரச்சினை? முந்தைய நாளே கரையில் உறுதியாகச் சொல்லியிருந்தால் அவர்கள் போயிருக்கவே மாட்டார்கள். உன் கருத்து விசைப்படகுக்குப் பொருந்துகிறது, வள்ளத்துக்குப் பொருந்தவில்லை. இதை ஒப்புக்கொண்டு எல்லையைக் குறித்துவிட்டால் வாதம் பலப்படும்.

இன்னொன்று, படகில் செய்தி வாங்கும் கருவியைப் பற்றி நீ எழுதியது: "கருவி இருந்தால் ஓர் உயிரும் போயிருக்காது." கணக்குப் போட்டுப் பார். 150 கடல்மைல் தள்ளி நிற்கும் படகு மணிக்கு 8 கடல்மைல் ஓடினால், நல்ல கடலிலேயே கரைக்கு வர ஏறக்குறைய 19 மணி நேரம். செய்தி எட்டுவது மட்டும் போதாது, எத்தனை மணி நேரம் முன்னால் எட்டுகிறது என்பதும் வேண்டும். நீ ஒதுக்கிய தாமதம் இங்கே பின்வாசல் வழியாகத் திரும்ப வந்துவிட்டது, கவனித்தாயா?

சான்று: நிலை 2, ஒரு பத்தி மட்டும் 4

அந்தப் பத்தி உன் மாமா சொன்னது. வயர்லெஸ்ஸில் பக்கத்துப் படகுகளோடு மட்டும்தான் பேச முடிந்தது, கரையில் இருந்து ஒரு சொல் வரவில்லை என்கிறார். நேரில் பட்டவர், உன் மையக் கருத்தைத் தொட்டே பேசுகிறார். இதை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறாயே மக்களே! வெளியே எடு. அவர் அப்போது கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தார் என்று கேட்டுச் சேர்.

இறந்தவர் எண்ணிக்கை மூன்று பக்கங்களில் மூன்று விதமாக இருக்கிறது. காணாமல் போனவர்களைச் சேர்த்ததா, சேர்க்காததா? தமிழ்நாடு மட்டுமா, கேரளமும் உண்டா? எந்த மாதக் கணக்கு? ஒன்றைத் தேர்ந்தெடுத்து இந்த மூன்றையும் எழுது. "இணையத்தில் பார்த்தேன்" என்பது சான்று ஆகாது.

2004 டிசம்பர் 26 சுனாமியை ஒப்பிட்டது உனக்கே எதிராகத் திரும்புகிறது. அன்று அலை ஆழ்கடலில் போன படகுகளுக்குத் தெரியவே இல்லை. அடிபட்டது குளச்சலும் மணக்குடியும் போன்ற கரையோர ஊர்கள். ஒக்கியில் நிலைமை தலைகீழ். அந்த வேறுபாட்டைச் சொல்வதற்கென்றால் வைத்துக்கொள், அழுகைக்காக என்றால் வேண்டாம்.

2019இல் வெளியான ஜெமினி கருவியை ஒரே வரியில் தாண்டிவிட்டாய். செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலுக்குச் செய்தி அனுப்பவென்று பிறகு ஒரு கருவி செய்ய வேண்டி வந்தது என்பதே, முன்பு வழி போதாமல் இருந்தது என்ற உன் கருத்துக்குத் துணை. அது செய்தியை வாங்கும், படகிலிருந்து திருப்பி அனுப்பாது என்பதையும் சேர்த்தால் இன்னும் நேர்மையாக இருக்கும்.

திருத்தும்போது வாதத்தில் தொடங்கு. வள்ளம், விசைப்படகு இரண்டையும் பிரித்தாலே மையக் கருத்து வாக்கியமும் தானாக மாறும். சான்றை அதற்கு அப்புறம் அடுக்கு. அடுத்த திங்கட்கிழமை இந்தத் தாளையும் பழைய படியையும் சேர்த்துப் பின் செய்து கொடு.