துக்கச் செய்தி: ஓய்வுபெற்ற தபால்காரர் ரா. மாணிக்கம் காலமானார்

செவ்வாய், 4.2.2025, காலை 6 மணி

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

எங்கள் அப்பா, விரிஞ்சிபுரம் தபால்காரர் ரா. மாணிக்கம் (84), இன்று விடியற்காலை 4.10 மணிக்கு வீட்டில் காலமானார்.

எடுப்பது: நாளை புதன்கிழமை, 5.2.2025, பகல் 2 மணி.
இடம்: விரிஞ்சிபுரம், மேட்டுத் தெரு, எங்கள் வீடு. தகனம் பாலாற்றங்கரைச் சுடுகாட்டில்.

சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

மா. குமரவேல், மா. சுரேஷ், வசந்தா


செவ்வாய், மாலை 5 மணி

காலையில் அனுப்பியது ஐந்தாறு வரிதான். அப்பா சொல்லிக் கொடுத்தபடி எழுதினேன். முப்பத்தாறு வருஷம் தந்தியும் கார்டும் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். "சாவு சேதின்னா யாரு, எப்போ, எங்கேன்னு மூணு இருந்தா போதும். நீட்டி எழுதினா படிக்கிறவன் நின்னுகிட்டே அழுவான், வண்டியைத் தவற விடுவான்" என்பார். காலையிலிருந்து ஒரே கேள்விகளைப் பலரும் கேட்பதால், மீதியை இப்போது எழுதுகிறேன்.

நாளை பகல் 12லிருந்து 1.30 வரை ராகு காலம். அது கழிந்த பிறகு கோடி போடுவது, வாய்க்கரிசி, பேரப் பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பது எல்லாம் முடித்து, சரியாக 2 மணிக்கு எடுக்கிறோம். வசந்தாவின் மகன் தினேஷ் மஸ்கட்டிலிருந்து நாளை காலை சென்னையில் இறங்குகிறான். பதினோரு மணிக்குள் வந்துவிடுவான். தாத்தா முகத்தை அவன் பார்க்க வேண்டும் என்றுதான் இன்றே எடுக்கவில்லை. அதற்கு மேல் யாருக்காகவும் நேரத்தைத் தள்ள முடியாது. தூரத்தில் இருப்பவர்கள் மன்னிக்கவும்.

அப்பாவின் கண்களைக் காலை 7 மணிக்கே வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் யாரையும் கலந்து பேச நேரமில்லை. இது அவரே சொல்லி வைத்திருந்தது. முகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை, தூங்குகிற மாதிரியே இருக்கிறார். பெரியம்மா, அத்தை, நீங்கள் பயப்பட வேண்டாம்.

வழி. வேலூரிலிருந்து வருகிறவர்கள் புதிய பேருந்து நிலையத்தில் பள்ளிகொண்டா அல்லது குடியாத்தம் வண்டி ஏறி, செதுவாலையில் இறங்குங்கள். எல்லா வண்டியும் அங்கே நிற்காது, கண்டக்டரிடம் கேட்டு ஏறுங்கள். ரயிலில் வந்தால் காட்பாடியில் இறங்கி வேலூர் வந்துவிடுவது நல்லது. பெங்களூர்ப் பக்கமிருந்து காரில் வந்தால் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி, செதுவாலையில் இடது கைப் பக்கம் திரும்ப வேண்டும். நாளை காலை எட்டு மணியிலிருந்து செதுவாலை நிறுத்தத்தில் சுரேஷின் நண்பர்கள் இரண்டு ஆட்டோவோடு நிற்பார்கள். பெயரைச் சொன்னால் போதும், காசு கொடுக்க வேண்டாம். தெரு குறுகல், கார்களைக் கோயில் பக்கம் விட்டுவிட்டு நடந்து வாருங்கள்.

எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. சாப்பாடும் டீயும் பங்காளி வீட்டில், எதிர் வரிசையில் மூன்றாவது வீடு. வெயிலில் வருகிற வயசானவர்கள் முதலில் அங்கே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

பட்டாசு வேண்டாம். போகிற வழியில் பள்ளிக்கூடம் இருக்கிறது, நாளை பள்ளி உண்டு. மேளம் உண்டு. அப்பாவுக்குப் பறைச் சத்தம் பிடிக்கும்.

இனி எழுதுவது சம்பந்தி வீட்டாருக்கும், முக்கியமாகக் குடியாத்தம் மாமா வீட்டாருக்கும். அம்மாவின் பூவையும் பொட்டையும் எடுக்கும் சடங்கு நடக்காது. நாளையும் இல்லை, பதினாறாம் நாளும் இல்லை. அப்பா இரண்டு வருஷத்துக்கு முன்பே எங்கள் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "அவ பொட்டு நான் வந்து வெச்சதில்ல, அவ அம்மா வீட்டிலேயே வெச்சுக்கிட்டு வந்தா. நான் போறப்ப எதுக்கு எடுக்கறீங்க?" அம்மா பக்கத்தில்தான் இருந்தாள், ஒன்றும் பேசவில்லை. இன்று காலை நான் கேட்டபோது, "உங்கப்பா சொன்னபடி செய்யுங்க" என்றாள். மாமா, பிறந்த வீட்டுக் கோடியை அம்மாவுக்குப் பிடித்த பச்சை நிறப் புடவையாக எடுத்து வாருங்கள். வெள்ளை வேண்டாம். ஊரில் பெரியவர்கள் வருத்தப்படக்கூடும், அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். அம்மாவிடம் யாரும் இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

குமரவேல்


வியாழன், 13.2.2025, மாசி 1

கருமகாரியம்

அப்பாவைக் கடைசியாகப் பார்க்க வந்தவர்களுக்கும், வர முடியாமல் போனில் அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடுத்த நாள் பால் தெளித்தபோது வசந்தா எண்ணினாள், பதினோரு ஊர்க்காரர்கள் வந்திருந்தார்கள். அத்தனையும் அவர் சைக்கிள் மிதித்த ஊர்கள்.

பதினாறாம் நாள் காரியம் 19.2.2025, மாசி 7, புதன்கிழமை.

முதல் நாள், செவ்வாய் இரவு 10 மணிக்கு வீட்டு முன்பு கர்ண மோட்சம் தெருக்கூத்து. நம் பக்கத்து வழக்கம் என்பதற்காக மட்டும் வைக்கவில்லை. அப்பா கூத்து பார்க்க எத்தனை மைல் வேண்டுமானாலும் போவார், விடிய விடிய உட்கார்ந்திருந்துவிட்டு அப்படியே காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார். கர்ணன் விழும் இடத்தில் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார். சின்ன வயசில் அவர் மடியில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்திருக்கிறேன். கூத்து பார்க்க வருகிறவர்கள் போர்வை கொண்டு வாருங்கள், மாசிப் பனி இருக்கும். பாயும் டீயும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

புதன் விடியற்காலை 5.30க்குப் பாலாற்றங்கரையில் காரியம். ஆற்றில் தண்ணீர் இல்லாததால் கரையிலுள்ள மோட்டாரில் குளிக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். மொட்டை போடுகிற பங்காளிகள் 5 மணிக்கே வந்துவிடுங்கள். காலை 9 மணிக்கு வீட்டில் படையல், அப்புறம் சாப்பாடு. சம்பந்தி முறை செய்கிறவர்கள் அதற்கு முன்பே வந்துவிட வேண்டும்.

யாரும் பணம் எழுத வேண்டாம். மொய் நோட்டு வைக்கவில்லை. அதற்குப் பதில் ஒன்று கேட்கிறேன். கார்த்திகைக் கடை ஞாயிறுக்கு விரிஞ்சிபுரம் கோயிலுக்குப் பிள்ளை வரம் கேட்டு வரும் பெண்களுக்கு, ராத்திரி முழுக்க எங்கள் திண்ணையில் அப்பா சுக்குக் காப்பி கொடுப்பார். ஈரப் புடவையோடு நடுங்கிக்கொண்டு வருவார்கள், அம்மா அடுப்பைப் பார்ப்பாள், அவர் டம்ளர் கழுவுவார். இந்த வருஷமும் திண்ணையில் அந்தக் காப்பி இருக்கும். முடிந்தவர்கள் அன்றைக்கு ஒரு மணி நேரம் வந்து டம்ளர் கழுவிக் கொடுங்கள்.

அப்பா கொண்டுவந்து கொடுத்த பழைய கார்டு, கடிதம் எதுவும் உங்கள் வீட்டில் இருந்தால் செவ்வாய் இரவு எடுத்து வாருங்கள். அம்மா பார்க்க ஆசைப்படுகிறாள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
மா. குமரவேல்
மா. சுரேஷ்
வசந்தா
மேட்டுத் தெரு, விரிஞ்சிபுரம், வேலூர் மாவட்டம்