அத்தாணி ரூட்டில் ஆறு வார வெள்ளோட்டம்: முன்மொழிவுக் கடிதம்

அனுப்புநர்: க. செந்தில்வேல், போக்குவரத்துத் திட்டமிடுநர், கோபிசெட்டிபாளையம்

பெறுநர்: தலைவர் மற்றும் நிர்வாகக் குழுவினர், பால் வியாபாரிகள் கூட்டுறவு சங்கம், கோபிசெட்டிபாளையம்

நாள்: 9.2.2026

பொருள்: பால் சேகரிப்பு வண்டியின் வழித்தடத்தை மாற்றிப் பார்த்தல் தொடர்பாக

மதிப்பிற்குரிய தலைவர் ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் அத்தாணி ரூட் வண்டியில் காலையும் மாலையும் உடன் வர அனுமதித்தீர்கள், பதிவேடுகளையும் பார்க்கக் கொடுத்தீர்கள். மிக்க நன்றி. அதிலிருந்து எனக்குப் பட்டதை இங்கே எழுதுகிறேன்.

வண்டி இப்போது காலை 5.20-க்கு டவுனை ஒட்டிய மூன்று இடங்களில் கேன்களை ஏற்றிக்கொண்டு, சவண்டப்பூர் பாலம் தாண்டி அத்தாணி, கள்ளிப்பட்டி, டி.என்.பாளையம் வரை போய், 8.05-க்குக் குளிர்விப்பு நிலையம் திரும்புகிறது. முதலில் ஏற்றிய பால் ரூட் முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் இறங்குகிறது. நிலையத்துக்குப் பக்கத்தில் கறந்த பாலுக்குத்தான் நெடும்பயணம். கடைக்கோடி வியாபாரிகளோ 5.45-க்கே கேனோடு ரோட்டோரம் நிற்கிறார்கள். வண்டி அங்கே போய்ச் சேர 6.40 ஆகிறது.

போன வருடம் ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் இந்த ரூட்டில் திரிந்துபோய்த் திருப்பப்பட்டவை 19 கேன்கள். அவற்றில் 13 அந்த முதல் மூன்று இடங்களுடையவை, பெரும்பாலும் மாலைப் பால். கறந்த பால் கொஞ்ச நேரம் தானாகவே தாங்கும். அப்புறம் அந்த வெயிலில் கிருமிகள் மளமளவென்று பெருகும். நாலு டிகிரிக்குக் கொண்டுபோகும்வரை ஒவ்வொரு நிமிடமும் கணக்குதான். ஆகவே கிலோமீட்டரைக் குறைப்பதைவிட, பால் வெளியே இருக்கும் நேரத்தைக் குறைப்பதே இந்தத் திட்டத்தின் நோக்கம்.

என் யோசனை இது. வண்டி காலியாகவே கடைக்கோடிக்குப் போகட்டும், 5.50-க்கு அங்கிருந்து ஏற்றத் தொடங்கித் திரும்பும் வழியில் மற்றவர்களிடம் எடுத்து வரட்டும். 7.40-க்குள் நிலையத்தில் இறக்கிவிடலாம். டவுனை ஒட்டிய மூன்று வியாபாரிகள் தங்கள் பைக்கிலேயே 6.30 வாக்கில் நேரடியாகக் கொண்டுவந்து ஊற்றட்டும், அதற்கு லிட்டருக்கு 50 பைசா கூடுதலாகக் கொடுப்போம். வண்டி சீக்கிரம் வருவதால்தான் நாலரைக்கே கறக்கிறோம் என்று அவர்களே என்னிடம் சொன்னார்கள். நடுவில் உள்ளவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை. யாருக்காவது கறக்கும் நேரம் மாற வேண்டியிருந்தால் சில நாட்களுக்குப் பத்து நிமிடம் வீதம் நகர்த்துவோம். ஒரேயடியாக மாற்றினால் மாடு பால் குறைக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

எந்த இடத்துக்கு முதலில் போவது என்பதைக் கணினியில் போட்டுப் பார்ப்பதற்கும் காரணம் உண்டு. 11 இடங்களை வரிசைப்படுத்த 3 கோடியே 99 லட்சம் வழிகள் இருக்கின்றன. ஆனால் கணினி கொடுக்கும் வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். கரும்பு லாரிகள் எப்போது ரோட்டை அடைக்கும், எந்தச் சந்தில் வண்டி திரும்பாது என்பதெல்லாம் டிரைவருக்குத்தான் தெரியும். அவர் ஒப்புக்கொண்ட பிறகே வரிசை முடிவாகும்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். நடை ஒன்றுக்கு 58 கி.மீ. என்பது 47 ஆகக் குறையும். நாளுக்கு இரண்டு நடை, வண்டி லிட்டருக்கு 11 கி.மீ. தருகிறது, டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் மாதம் சுமார் 5,500 ரூபாய் மிச்சம். மூவரும் நாளொன்றுக்குத் தரும் சுமார் 150 லிட்டருக்கான கூடுதல் தொகை மாதம் 2,250 போக, கையில் நிற்பது 3,250 தான். இது பெரிய தொகை இல்லை. ஆனால் 40 லிட்டர் கேன் ஒன்று திரும்பினால் லிட்டர் 36 ரூபாய் வீதம் 1,440 ரூபாய் போகிறது. போன கோடையில் 19 கேன்களுக்கு 27,360 ரூபாய் வியாபாரிகள் தலையில் விழுந்தது. நான் தடுக்க நினைப்பது அந்த நஷ்டத்தைத்தான்.

மார்ச் 1-ல் தொடங்கி ஆறு வாரம் போதும். முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், ஒவ்வொரு இடத்திலும் கறந்த நேரம், ஏற்றிய நேரம், இறக்கிய நேரம் மூன்றையும் சீட்டில் குறிப்போம். நிலையத்தில் வழக்கமான கொழுப்பு, எஸ்.என்.எஃப். சோதனையோடு வாரம் இருமுறை மெத்திலீன் நீலச் சோதனையும் செய்தால் பாலின் தரம் எவ்வளவு மாறியது என்பது தெரிந்துவிடும். அடுத்த நாலு வாரம் புதிய வழித்தடம். டிரைவருக்கு இப்போதைய நடைக்கூலி அப்படியே இருக்க வேண்டும். தூரம் குறைந்தது என்று அவர் கூலியில் கை வைக்கும் திட்டத்துக்கு நான் உடன்பட மாட்டேன்.

என் கட்டணம் 15,000 ரூபாய். பாதியைத் தொடக்கத்திலும், மீதியை முடிவுகளைக் குழு பார்த்து ஏற்ற பிறகும் தந்தால் போதும். நேர மாற்றத்தால் ஏதாவது கேன் திரும்பினால் அதன் விலையை அந்த மீதியில் கழித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒத்துவரவில்லை என்று தோன்றினால் மறுநாளே பழைய வழிக்குத் திரும்பிவிடலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். 11 வியாபாரிகளையும் டிரைவரையும் அழைத்தால் வழித்தட வரைபடத்தோடு வந்து நேரில் விளக்குகிறேன். அவர்களில் ஒருவர் வேண்டாம் என்றாலும் அவருடைய காரணத்தைக் கேட்ட பிறகே மேற்கொண்டு போவோம்.

இப்படிக்கு,
க. செந்தில்வேல்

இணைப்பு: வழித்தட வரைபடம், நேரக் குறிப்புச் சீட்டின் மாதிரி